ஊசியின் பின்னால் ஒரு வளையம்

வீட்டில் கறுப்புத் தலை கொண்ட பழைய தையல் மிஷின் இருந்தால், இந்த அத்தியாயத்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். இடப்பக்கத் தகட்டைத் தள்ளித் திறந்து பாபின் கேஸை வெளியே எடுங்கள். ஊசியில் நூல் கோத்து, நூலின் நுனியை இடக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்த துண்டுத் துணியை ஊசிக்கடியில் வைத்து பிரஷர் ஃபுட்டை இறக்குங்கள். இனிக் காலால் மிதிக்க வேண்டாம். வலப்பக்கச் சக்கரத்தைக் கையால், உங்களை நோக்கி, மெல்லத் திருப்புங்கள்.

ஊசி துணிக்குள் இறங்கி, அடிமட்டத்தைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்கும். அது சுமார் 2 மில்லிமீட்டர் ஏறியதும் சக்கரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் ஒரு பக்கத்தில் மட்டும், நூல் ஒரு சிறு வளையமாக உப்பி நிற்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஷட்டிலின் கூர்மூக்கு வந்து அந்த வளையத்துக்குள் நுழையும்.

தையல் மிஷினில் நடக்கிற எல்லாமே இந்த வளையத்துக்காகத்தான். தையல் விட்டுப்போனால் ஷட்டில் மூக்கு வளையத்தைத் தவறவிட்டது என்று பொருள். நூல் அறுந்தால், வளையமாகிப் போய்த் திரும்பும் வழியில் நூலை ஏதோ ஒன்று தேய்த்தது, பிடித்தது, அல்லது அளவுக்கு மீறி இழுத்தது என்று பொருள். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவருக்கு மிஷினின் கோளாறுகள் புதிராக இருக்காது.

விடாத ஊசி

கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. நூல் அதன் வாலாகப் பின்னாலேயே வரும். மிஷின் ஊசியால் அது முடியாது. அதன் தலை மேலே இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. போன வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். அப்படித் திரும்பினால் நூலும் கூடவே திரும்பிவிடும், தையல் எதுவும் மிஞ்சாது. எனவே ஊசி திரும்புவதற்குள் அதன் நூலை அடியில் யாரோ பிடித்து, அதற்குள் இன்னொரு நூலைப் புகுத்திப் பூட்ட வேண்டும். கண்ணை ஊசியின் கூர்முனைக்கு அருகே வைத்து, அடியில் இரண்டாம் நூலோடு ஓடும் ஷட்டிலையும் சேர்த்து 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் எலியாஸ் ஹோவ். இன்றும் நம் மிஷின்கள் போடுவது அந்தப் பூட்டுத் தையலைத்தான்.

ஆனால் வளையம் தானாக ஏன் உப்புகிறது? ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கண் வரைக்கும் நீளமான பள்ளம் ஓடும். அதற்கு எதிர்ப்பக்கத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, ஊசி சுரண்டி எடுத்ததுபோல் குழிந்திருக்கும். இறங்கும்போது நூல் நீளப் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்வதால் துணி அதைத் தொடுவதில்லை. எதிர்ப்பக்க நூலுக்கு அந்த ஒளிவிடம் இல்லை. அது ஊசிக்கும் துணிக்கும் நடுவே நசுங்கி நிற்கிறது. ஊசி ஏறத் தொடங்கியதும் பள்ளத்து நூல் தடையின்றி மேலே போகிறது. நசுங்கிய பக்கத்து நூலையோ துணி விடாமல் பிடித்துக்கொள்கிறது. மேலே போக வழியில்லாத நூல் பக்கவாட்டில் வளைகிறது. அதுதான் வளையம். குழிந்த பகுதி ஷட்டில் மூக்கு ஊசியை உரசாமல் மிக நெருங்கிப் போவதற்கான இடம்.

ஆக, வளையம் பிறக்க மூன்று வேண்டும். குழிந்த பக்கம் ஷட்டிலைப் பார்த்திருக்க வேண்டும். ஊசி ஏறும்போது துணி அசையாமல் கீழேயே இருக்க வேண்டும். ஷட்டில் மூக்கு சரியான நொடியில், சரியான உயரத்தில், ஊசியை ஒட்டி வர வேண்டும். தையல் விடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குலைவதுதான்.

தையல் எங்கே விடுகிறது?

தையல் விடுகிறதே என்று டென்ஷன் திருகைத் திருகுவதற்கு முன், அது எங்கே விடுகிறது என்று பார்க்க வேண்டும். விடும் இடமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

எந்தத் துணியில் தைத்தாலும் ஆரம்பத்திலிருந்தே விட்டு விட்டு விழுந்தால் ஊசியைச் சந்தேகியுங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். குழிந்த பகுதியும் அதே பக்கம்தான். ஆகவே தட்டைப் பக்கம் ஷட்டில் மூக்கு கடந்துபோகும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நூலை எப்போதும் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கோக்க வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டால் வளையம் ஷட்டிலுக்கு எதிர்ப்பக்கத்தில் உப்பும். மூக்கு வெறும் காற்றைத் துழாவிவிட்டுப் போகும். ஊசியை முழுவதும் மேலே ஏற்றாமல் திருகினாலும் இதே கதிதான். ஒரு மில்லிமீட்டர் கீழே தொங்கும் ஊசியில், மூக்கு வரும்போது கண்ணும் ஒரு மில்லிமீட்டர் கீழே இருக்கும். வளையத்தின் அகன்ற நடுப்பகுதிக்குப் பதில் அதன் குறுகிய உச்சியைத்தான் மூக்கு சந்திக்கும்.

பருத்தியில் நன்றாக விழுந்து, பனியன் துணியிலோ லைக்ராவிலோ மட்டும் விட்டால், குலைவது இரண்டாவது நிபந்தனை. இழுபடும் துணி ஊசியைக் கவ்விக்கொண்டு அதனுடனேயே மேலே எழும்புகிறது. ஊசியும் துணியும் சேர்ந்தே ஏறினால், துணி நூலைக் கீழே பிடித்து வைப்பது எப்படி? வளையம் உப்புவதே இல்லை. அந்தத் துணிக்கு முனை சற்று உருண்ட ஊசி வேண்டும். அது இழையைக் குத்தாமல், பின்னல் கண்களை விலக்கி நுழையும். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். ஜிக்ஜாக் மிஷினில் ஊசித் தகட்டின் துளை அகலமாக இருக்கும். மெல்லிய துணி அதற்குள் அமுங்கி எழும்பும். நேர்த் தையலுக்கென்று உள்ள சிறு துளைத் தகட்டைப் போட்டாலோ, துணிக்கடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்துவிட்டாலோ அது அடங்கும்.

எளிதில் கண்ணில் படாத ஒன்று ஊசியின் பருமன். 16 நம்பர் ஊசியின் இன்னொரு எண் 100, அதாவது 1 மில்லிமீட்டர் தடிமன். 11 நம்பருக்கு 75, அதாவது 0.75 மில்லிமீட்டர். ஷட்டில் மூக்குக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி நல்ல மிஷினில் ஒரு காகிதத்தின் தடிமனைத் தாண்டாது, சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். மிஷினை 16 நம்பருக்குச் சரிபார்த்துவிட்டு, ஜார்ஜெட்டுக்காக 11 நம்பரை மாட்டினால், ஊசியின் ஓரம் ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது. இடைவெளி இரண்டு மூன்று மடங்காகலாம். தடித்த ஊசியில் ஒழுங்காகத் தைத்த மிஷின் மெல்லிய ஊசியில் தையல் விடுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஒரே நூல், இருபது முப்பது பயணம்

நூல் அறுவதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட வேண்டும். வளையத்தைப் பிடித்த ஷட்டில் அதை விரித்து, பாபின் கேஸ் முழுவதையும் சுற்றிக் கொண்டுபோகிறது. அதற்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நூல் கீழே இறங்க வேண்டும். ஆனால் ஒரு தையலில் துணிக்குள் தங்குவது 3, 4 மில்லிமீட்டர்தான். மிச்சத்தை, மிஷினின் முன்பக்கம் மேலும் கீழும் ஆடும் நூல் கை மறுபடி மேலே இழுத்துக்கொள்கிறது. அடுத்த தையலுக்கு ஏறக்குறைய அதே நூல் மீண்டும் இறங்கும், மீண்டும் ஏறும். அப்படியானால் நூலின் ஒவ்வொரு புள்ளியும் துணியில் தங்குவதற்கு முன் ஊசிக் கண் வழியாக இருபது முப்பது முறையாவது போய் வருகிறது.

கண்ணின் உள்விளிம்பில் பார்வைக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தால் போதும். ஒருமுறை உரசினால் நூலுக்கு ஒன்றும் ஆகாது. முப்பது முறை உரசினால் அது அரம்.

அதனால் நூல் அறுந்ததும் முதலில் அறுந்த நுனியைப் பாருங்கள். நுனி பஞ்சுபோலப் பிரிந்து நரைத்திருந்தால் தேய்மானம். ஊசிக் கண்ணோ, ஊசி முனையோ, தகட்டின் துளையோ, ஷட்டில் மூக்கோ எங்கோ பிசிறு இருக்கிறது. அல்லது கண் அந்த நூலுக்குச் சிறியது. நுனி கத்தரித்ததுபோல் சுத்தமாக இருந்தால் திடீர் இழுப்பு. நூல்கண்டில் நூல் சிக்கியிருக்கலாம், டென்ஷன் இறுக்கமாக இருக்கலாம். ஆலைகளில் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் ஓடும் மிஷின்களில் மூன்றாவது ஒரு வகையும் உண்டு. துணியோடு உரசிச் சூடேறும் ஊசி பாலியெஸ்டர் நூலை இளக்கிவிடும். நுனி உருகிக் கெட்டியான பொட்டாக இருக்கும். காலால் மிதிக்கும் மிஷினில் அந்தச் சூடு வராது.

பிசிறைக் கண்டுபிடிக்க விரல் நகம் போதும். ஊசி முனையை நகத்தின் மேல் லேசாக இழுங்கள். கீறல் விழுந்தால் முனை மழுங்கி மடங்கியிருக்கிறது. ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து, ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். கோடு முனையை நோக்கி அகன்றாலோ குறுகினாலோ ஊசி வளைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து புதிய ஊசி. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

நூலுக்கும் கண்ணுக்கும் பொருத்தம் பார்க்கவும் எளிய வழி உண்டு. மிஷினில் மாட்டாத ஊசியில் ஒரு முழ நூலைக் கோத்து, நூலை இரண்டு கையாலும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையால் வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றால் அடுத்த பெரிய நம்பர் வேண்டும்.

கீழே தெரியும் குற்றம், மேலே இருக்கும் குற்றவாளி

டென்ஷன் என்பது மேல் நூலும் அடி நூலும் இழுக்கும் கயிறு இழுப்புப் போட்டி. இரண்டும் சமமாக இழுத்தால் பூட்டு துணியின் நடுவில் விழும். மேல் நூல் தளர்ந்தால் அடி நூல் ஜெயித்து, மேல் நூலைத் துணிக்குக் கீழே இழுத்துவிடும். துணியின் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடக்கும். பார்ப்பவர் அடியில்தானே கோளாறு என்று பாபின் கேஸைத் திருகுவார். ஆனால் சுருண்டு கிடப்பது மேல் நூல். தளர்ச்சி மேலேதான்.

அந்தத் தளர்ச்சிக்கு மிகச் சாதாரணக் காரணம், நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காராமல் இருப்பது. பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அப்போது கோத்தால் நூல் தட்டுகளின் மேலேயே தங்கிவிடலாம். ஃபுட்டைத் தூக்கினால் தட்டுகள் விலகும். ஆகவே ஃபுட்டைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். கோத்தபின் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கையில் ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும்.

சரிசெய்யும் வரிசை அடியிலிருந்து தொடங்குகிறது. பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது. லேசாகச் சொடுக்கினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் அந்தச் சிறு திருகைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமானால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். பிறகு மேலே ஒரு நிறம், அடியில் வேறு நிறம் போட்டு, நீங்கள் தைக்கப்போகும் துணியின் துண்டிலேயே தைத்து, மேல் டென்ஷனை மட்டும் மாற்றிச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய பட்டில் பூட்டு ஒளிந்துகொள்ளக் கால் மில்லிமீட்டர் இடம்கூடக் கிடையாது. தடித்த துணியில் மறைந்திருந்த ஏற்றத்தாழ்வு அங்கே வெளியே தெரியும். துணி மாறினால் மறுபடி சோதிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பன்னிரண்டு அடுக்கு

எங்கள் தெருவில் பிளவுஸும் ஆல்டரேஷனும் தைக்கும் அக்கா ஒருநாள் ஜீன்ஸின் கால் நீளத்தைக் குறைத்துத் தந்துகொண்டிருந்தார். அடி மடிப்பில் தையல் வரிசையாக விழுந்து, காலின் உள் ஜோடிப்பு வந்ததும் மூன்று நான்கு தையல் விட்டது. திரும்பத் தைத்தால் அதே இடத்தில் நூல் அறுந்தது. பார்க்க வந்த மெக்கானிக், டைமிங் போய்விட்டது, தலையைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பாப்போம்க்கா," என்றேன். "பிளவுஸ் லைனிங் துணியை ரெண்டா மடிச்சு ஒரு முழம் தைங்க."

தைத்தார். ஒரு தையல்கூட விடவில்லை.

"டைமிங் போயிருந்தா இதுலயும் விட்டிருக்கணும்ல தம்பி?" என்று அவரே கேட்டார்.

சரியான கேள்வி. மூக்கு வரும் நேரம் உண்மையிலேயே கெட்டிருந்தால் அது லைனிங்கையும் விட்டுவைத்திருக்காது. ஆகவே கோளாறு அந்த ஜோடிப்பில்தான் இருந்தது. ஜீன்ஸின் அந்த ஜோடிப்பில், இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கிப் படிந்திருப்பதால், நான்கு அடுக்கு துணி. அடி மடிப்பு அதை மூன்றாக்குகிறது. மொத்தம் 12 அடுக்கு. அதன் இருபுறமும் வெறும் மூன்று. பிரஷர் ஃபுட் அந்த மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. இறங்கும்போது வால் மேட்டில் நிற்க, முன்பகுதி அந்தரத்தில் இருக்கிறது. இரண்டு வேளையிலும் ஊசியைச் சுற்றியுள்ள துணியை யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை. துணி ஊசியோடு எழும்புகிறது, வளையம் பிறப்பதில்லை. போதாததற்குச் சரிவில் குத்தும் ஊசி வளைகிறது. வளைந்த ஊசியை மூக்கு தவறவிடலாம், அல்லது அதன்மேல் இடித்துப் பிசிறு உண்டாக்கலாம்.

அறுந்த நுனியைப் பார்த்தோம். பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஊசியைக் கழற்றினால் பிளவுஸ் தைத்த 14 நம்பர், நகத்தைக் கீறியது. நூலோ ஜீன்ஸுக்கான தடித்த நூல். சோதித்தபோது ஊசி அதில் வழுக்கவே இல்லை. கீழே நூல் சுருண்டதைப் பார்த்து அக்கா மேல் டென்ஷனையும் இறுக்கி வைத்திருந்தார். மழுங்கிய சிறு கண்ணில் அந்தத் தடித்த நூல் முப்பது முறை இழுபட்டிருக்கிறது.

புதிய 16 நம்பர் ஊசி மாட்டினோம்; அதில் அந்த நூல் வழுக்கி இறங்கியது. ஃபுட்டைத் தூக்கி நூலை மறுபடி கோத்து, டென்ஷனைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினோம். ஜோடிப்பைக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி மட்டமாக்கினோம். வெட்டிப்போட்ட ஜீன்ஸ் துண்டை நான்காக மடித்து, மேட்டில் ஏறும்போது ஃபுட்டின் வால் பக்கத்துக்கு அடியிலும், இறங்கும்போது முன்பக்கத்துக்கு அடியிலும் கொடுத்தோம். ஃபுட் மட்டமாக நின்றது. அந்த ஓர் அங்குலத்தை மட்டும் அக்கா மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்பித் தைத்தார். ஒரு தையலும் விடவில்லை.

கடைசியில்தான் டைமிங்

ஷட்டிலும் ஊசியும் இரும்புத் தண்டுகளால் பிணைக்கப்பட்டவை. நேற்று நன்றாகத் தைத்த மிஷினில் இன்று டைமிங் தானாக மாறுவது அரிது. மாற ஒரு சம்பவம் வேண்டும். ஊசி ஜிப்பிலோ பிரஷர் ஃபுட்டிலோ இடித்து ஒடிந்திருக்கும், அல்லது அடியில் நூல் சிக்கி மிஷின் இறுகியபோது பலவந்தமாகச் சுழற்றியிருப்பார்கள். அந்த அதிர்ச்சியில் ஊசிக் கம்பியைப் பிடிக்கும் திருகு நழுவலாம், ஷட்டிலை ஓட்டும் தண்டின் பிடி விலகலாம். அப்படி எதுவும் நடந்திருந்து, புதிய ஊசி, சரியான கோப்பு, சாதாரணப் பருத்தித் துணி மூன்றும் இருந்தும் தையல் விட்டால், அப்போது டைமிங்கைச் சோதிக்கலாம்.

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் செய்த அதே சோதனைதான். ஊசியை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 2 முதல் 2.4 மில்லிமீட்டர் ஏற்றுங்கள். அந்த நொடியில் ஷட்டில் மூக்கு ஊசியின் நேர் நடுவில், கண்ணின் மேல்விளிம்புக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். நேரம் சரியாக இருந்து உயரம் மட்டும் தவறினால், நழுவியது ஊசிக் கம்பி. அதன் திருகைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். சில மிஷின்களில் அந்தக் கம்பியிலேயே இதற்கென இரண்டு கோடுகள் பொறித்திருப்பார்கள். மூக்கு நடுவுக்கு முன்னதாகவே கடந்துவிட்டால் வளையம் இன்னும் உப்பியிருக்காது. பிந்தி வந்தால் ஊசி ஏறிப்போய், கண்ணே மூக்கின் மட்டத்துக்கு வந்திருக்கும். இந்த இரண்டும் ஷட்டிலை ஓட்டும் தண்டில் செய்ய வேண்டிய வேலை, மெக்கானிக்கின் கைக்குரியது. ஆனால் அவர் வரும்போது மூக்கு முந்துகிறதா பிந்துகிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லலாம்.